ஹோட்டல் மேனேஜ்மென்ட் பட்டமா, கிச்சன் அப்ரன்டிஸா: பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு எது சரி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து எனக்கு ஒரே மாதிரியான போன்தான் வருகிறது. "பையனுக்குச் சமையல்ல ஆசை. ஹோட்டல் மேனேஜ்மென்ட் சேர்த்துவிடவா, இல்ல ஏதாவது பெரிய ஹோட்டல் கிச்சன்ல டிரெயினியா விட்டுடவா?" சில வீடுகளில் பெண் பிள்ளைக்காகக் கேட்கிறார்கள். இந்த வருஷம் என் அக்காவே கேட்டாள். தேனியில் மாமா ஒரு மெஸ் நடத்துகிறார். அவள் மகன் பத்தாவது படிக்கும்போதே அங்கே பரோட்டா கல்லில் நின்றவன். பிளஸ் டூவில் 62 சதவீதம். அவனுக்காக நானும் அவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நோட்டில் போட்ட கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் பட்டம் படித்துவிட்டுக் கிச்சனுக்குள் போனவன். என் முதல் செஃப் பத்தாவதோடு பாத்திரம் கழுவும் வேலைக்கு வந்து, அங்கிருந்து மேலே ஏறியவர். இரண்டு வழியிலும் நல்ல சமையல்காரர்கள் வருகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தப் பிள்ளைக்கு எந்த வழி, அதற்கு வீடு என்ன விலை கொடுக்கும் என்பதுதான் பார்க்க வேண்டியது.

## எதை வைத்து அளப்பது

நான்கு கேள்விகள் போதும். முதலாவது பணம். கல்லூரிக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல், அந்த மூன்று வருஷத்தில் சம்பாதிக்காமல் விடுகிற பணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது, உண்மையில் எத்தனை மணி நேரம் அடுப்பு முன்னால் நிற்கப் போகிறான். மூன்றாவது, முதல் வேலை என்ன, பத்தாவது வருஷத்தில் எங்கே இருப்பான். நான்காவதைப் பலர் யோசிப்பதே இல்லை: ஒரு வருஷத்தில் "எனக்கு இந்தக் கிச்சன் வேண்டாம்" என்று சொன்னால் வெளியே போக வேறு கதவு இருக்கிறதா?

## இரண்டு வழியும் என்னென்ன

பட்டம் என்று நான் சொல்வது மூன்று வருஷ பி.எஸ்சி. ஹாஸ்பிடாலிட்டி அண்ட் ஹோட்டல் அட்மினிஸ்ட்ரேஷன். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் உள்ள என்.சி.எச்.எம்.சி.டி. என்ற தேசிய ஹோட்டல் மேனேஜ்மென்ட் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் நடப்பது. தமிழ்நாட்டில் சென்னை தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனமான ஐ.எச்.எம். இருக்கிறது, திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூவில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்க வேண்டும், நுழைவுத் தேர்வு உண்டு. இதைத் தவிர, பல்கலைக்கழகங்களோடு இணைந்த தனியார் கல்லூரிகள் நிறைய. எங்கே படித்தாலும் நான்கு துறை கட்டாயம்: ஃபிரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், ஃபுட் அண்ட் பெவரேஜ் சர்வீஸ், ஃபுட் புரொடக்‌ஷன். சமையல் என்பது அந்த நான்கில் ஒன்றுதான்.

அப்ரன்டிஸ் என்பது 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் ஹோட்டலோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, உதவித்தொகை வாங்கிக்கொண்டு பழகுவது. கிச்சனில் தொடக்க நிலைச் சமையல்காரருக்கான 'கமி செஃப்' என்ற பெயரில் சேர்ப்பார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை காலம் இருக்கலாம், பெரும்பாலும் ஒரு வருஷம். ஒப்பந்தம் apprenticeshipindia.gov.in தளத்தில் பதிவாகும். இந்தப் பதிவு இல்லாமல் "டிரெயினி" என்று எடுத்துக்கொண்டால் அது அப்ரன்டிஸ் அல்ல, சம்பளம் குறைவான சாதாரண வேலை. இந்த வித்தியாசத்தை மறக்க வேண்டாம். பின்னால் மறுபடி வரும்.

## பணம்: கட்டணம் ஒரு பாதி, மீதி கண்ணுக்குத் தெரியாது

அரசு ஐ.எச்.எம்.மில் மூன்று வருஷத்துக்கும் சேர்த்து மூன்றரை லட்சத்தை ஒட்டி ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் மாறும், அதனால் சேரும் வருஷத்துக் கட்டண அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். தனியாரில் விரிப்பு அதிகம். சில இடங்களில் இதைவிடக் குறைவு, சில இடங்களில் மூன்று மடங்கு. தனியாரில் "வெளிநாட்டுப் பயிற்சி" என்று தனியாக ஒரு தொகை கேட்டால், அது எந்த ஹோட்டல், எந்த விசா, உதவித்தொகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் கட்டாதீர்கள்.

எங்கள் பையனுக்கு நோட்டில் எழுதியது இது. சென்னையில் அரசு நிறுவனக் கட்டணம் 3,50,000. தங்குவது, சாப்பாடு மாதம் 7,000 என்று வருஷத்துக்குப் பத்து மாதம், மூன்று வருஷம்: 2,10,000. செஃப் கோட், கட்டம் போட்ட பேன்ட், சர்வீஸ் வகுப்புக்குத் தனி யூனிபார்ம், ஷூ, கத்தி செட்: 15,000. ஊருக்குப் போய்வர, புத்தகம், இதர செலவு: 25,000. மொத்தம் ஆறு லட்சம்.

அப்ரன்டிஸ் பக்கம் இப்படி. 2019 விதிகளின்படி பிளஸ் டூ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000. இதை உயர்த்தும் பரிந்துரை 2025-இல் வந்தது, சேரும்போது அப்போதைய தொகையைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இவனைக் கூப்பிட்ட ஹோட்டல் 8,500 தருவதாகச் சொன்னது, டியூட்டி சாப்பாடும் உண்டு. ஒரு வருஷம் அப்படி. அடுத்த வருஷம் கமியில் அடிநிலையான மூன்றாம் நிலையில் 14,000, அதற்கடுத்து 17,000 என்று அடக்கமாகவே போட்டோம். மூன்று வருஷத்தில் வரவு 4,74,000. ரூமை நான்கு பேர் பகிர்ந்துகொண்டு மாதம் 6,500 செலவு என்றால் 2,34,000 போகும். கையில் நிற்பது 2,40,000.

ஒரு பக்கம் ஆறு லட்சம் செலவு, மறுபக்கம் 2.4 லட்சம் மிச்சம். இடைவெளி 8.4 லட்சம். "காலேஜ் ஃபீஸ் மூன்றரை லட்சம்தானே" என்று பேசுகிற வீட்டில் இந்த எட்டே கால் லட்சத்துக்கு மேல் உள்ள கணக்கு பேச்சிலேயே வருவதில்லை.

கடனில் படித்தால் இன்னும் ஒன்று சேரும். மூன்றரை லட்சம் கல்விக் கடன், பத்தரை சதவீத வட்டி என்றால், படிப்பும் சலுகைக் காலமும் முடியும்போது நாலரை லட்சத்தை ஒட்டி நிற்கும். ஏழு வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 7,500 கட்ட வேண்டும். முதல் வேலையில் 15,000 வாங்குகிற பிள்ளைக்கு அது பாதிச் சம்பளம். நல்ல கையுள்ள பிள்ளைகள் கிச்சனை விட்டுவிட்டு உடனே கூடுதல் சம்பளம் தரும் ஏதோ ஒரு விற்பனை வேலைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். கிச்சன் பிடிக்காமல் அவர்கள் போகவில்லை. மாதத் தவணை துரத்தியது.

அப்ரன்டிஸிலும் மறைந்த செலவு உண்டு. சட்டப்படி அப்ரன்டிஸ் தொழிலாளி அல்ல, பழகுநர். அதனால் பி.எஃப். கிடையாது. வேலையில் காயம்பட்டால் இழப்பீடு மட்டும் சட்டத்தில் இருக்கிறது. பயிற்சி முடிந்தால் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் ஹோட்டலுக்கு இல்லை, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய. சென்னை, பெங்களூரு போன்ற ஊரில் ஹோட்டல் தங்குமிடம் தராவிட்டால், முதல் ஒரு வருஷம் வீட்டிலிருந்து மாதம் ஆயிரம், இரண்டாயிரம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

தாழ்த்தப்பட்ட, பழங்குடியின மாணவர்களுக்கு மட்டும் கணக்கே வேறு. தாட்கோ மூலம் தரமணி நிறுவனத்தில் கட்டணமில்லாமல் இந்தப் படிப்பில் சேர வாய்ப்பு அறிவிக்கிறார்கள். மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் மே, ஜூன் மாதமே போய்க் கேளுங்கள். அது கிடைத்தால் பண விஷயத்தில் பட்டத்தின் பாரம் பெருமளவு இறங்கிவிடும்.

## கை பழகும் நேரம்

இங்கேதான் இரண்டு வழியும் ரொம்பவே விலகுகின்றன.

கல்லூரியில் முதல் வருஷம் பேசிக் டிரெயினிங் கிச்சன். வாரம் ஒரு நாள், நான்கு மணி நேரத்தை ஒட்டி. நான்கைந்து பேர் ஒரு அடுப்பு. ஒருவன் வெங்காயம் நறுக்க, ஒருத்தி சூப்புக்கான ஸ்டாக் கொதிப்பதைப் பார்க்க, ஒருவன் தட்டு அலங்கரிக்க, நான்காமவன் குறிப்பு எழுதுவான். இரண்டாம் வருஷம் குவான்டிட்டி கிச்சன், ஐம்பது நூறு பேருக்கு இந்தியச் சமையல். மூன்றாம் வருஷம் அட்வான்ஸ்டு கிச்சன். நடுவில் ஒரு செமஸ்டர் முழுக்க ஹோட்டலில் பயிற்சி. அது சுமார் நான்கைந்து மாதம். ஆனால் அந்தக் காலத்தை நான்கு துறைக்கும் பிரித்துத்தான் போடுவார்கள். கிச்சனுக்கு வருவது ஒரு மாதம், அதிகம் போனால் ஐந்து வாரம்.

அப்ரன்டிஸ் வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் நிற்கிறான். விடுமுறை போக வருஷத்துக்கு 2,300 மணி நேரத்துக்குக் குறையாது. பட்டப்படிப்பில் மூன்று வருஷமும் சேர்த்து, ஹோட்டல் பயிற்சியையும் கூட்டினாலும், கிச்சனில் கழிக்கிற நேரம் இதில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டாலே பெரிது.

அந்த நேரம் கையில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். பட்டம் முடித்து வந்த புதுப் பையனிடம் பத்து கிலோ வெங்காயத்தைக் கொடுத்துப் பொடியாக நறுக்கச் சொன்னால், முதல் கிலோவில் எல்லாத் துண்டும் ஒரே அளவில் அழகாக இருக்கும். மூன்றாவது கிலோவில் தோள் இறங்கும், துண்டு பெரிதாகும், கத்தி நுனி பலகையை விட்டு எழும்பும். ஆறு மாதம் நின்ற அப்ரன்டிஸ் பத்தாவது கிலோவையும் முதல் கிலோ மாதிரியே நறுக்குவான். கத்தியைப் பிடிக்கிற கை இறுகாது, மணிக்கட்டு மட்டும் ஆடும். ராத்திரி முன்னூறு பேர் சாப்பிடும் பாங்க்வெட் விருந்தில் கிரேவிக்கு வெங்காயம் சமமாக வதங்குவது இந்தப் பத்தாவது கிலோவில்தான் இருக்கிறது. பெரிய துண்டு பச்சை வாசத்தோடு நிற்க, சின்னத் துண்டு கருகிவிட்டால், மிக்ஸியில் போட்டு அரைத்தாலும் அந்தக் கசப்பு போகாது.

சரி, அப்படியானால் அப்ரன்டிஸே மேல் என்று முடித்துவிடலாமா? அந்த 2,300 மணி நேரமும் எதில் போகிறது என்பதுதான் கேள்வி. ஒரு வருஷம் முழுக்கப் பூண்டு உரித்து, கீரை ஆய்ந்து, பஃபேயில் பாத்திரம் நிரப்பிவிட்டு வெளியே வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். உழைத்தது உண்மை. ஆனால் தந்தூர் முன்னால் ஒரு நாளும் நிற்கவில்லை, ஒரு சாஸும் செய்யவில்லை. நல்ல அப்ரன்டிஸ் என்றால் சுழற்சி இருக்கும்: புட்சரி, கோல்டு கிச்சன், இந்தியன் கறி, தந்தூர், பேக்கரி, பாங்க்வெட் என்று ஒவ்வொன்றிலும் ஆறு முதல் எட்டு வாரம், ஒவ்வொன்றின் முடிவிலும் அந்த செக்‌ஷன் செஃப் லாக் புக்கில் கையெழுத்து.

கல்லூரி தருவதில் ஒன்று மட்டும் கிச்சனில் தானாக வராது. அது கணக்கு. முழு வஞ்சிரம் கிலோ 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தலை, வால், குடல், முள் கழித்தால் கிலோவில் 650 கிராம்தான் சமையலுக்கு நிற்கிறது. அப்போது நிஜ விலை 900 அல்ல, 1,385. ஒரு பிளேட்டுக்கு 150 கிராம் என்றால் மீனுக்கு மட்டும் 208 ரூபாய். மசாலா, எண்ணெய், அலங்காரம் சேர்த்து 240 என்று வைத்து, உணவுச் செலவு விற்பனையில் முப்பது சதவீதம் இருக்க வேண்டுமென்றால், மெனுவில் 800 ரூபாய் போட வேண்டும். 900-ஐ வைத்துக் கணக்குப் போட்டவன் மீனை 135 என்று எழுதுவான். மொத்தம் 167 என்று வந்து, 560 ரூபாய்க்கு விற்பான். ஒவ்வொரு பிளேட்டிலும் ஹோட்டலுக்கு அடி. இது மூன்றாம் வருஷப் பாடத்தில் வருகிறது. அப்ரன்டிஸுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அவனாகவே செஃபின் மேஜைக்குப் போய் ரெசிபி காஸ்ட் ஷீட்டைப் பார்க்கப் பழகினால்தான் உண்டு.

## வேலை: முதல் வருஷமும் பத்தாவது வருஷமும்

பட்டம் முடித்தால் நேரே தலைமை செஃபுக்கு அடுத்த இடமான சூ செஃப் என்று நினைக்கிற பெற்றோர்கள் இருக்கிறார்கள். அப்படி நடக்காது. பெரிய ஹோட்டல் குழுமங்கள் சிலரை மட்டும் 'மேனேஜ்மென்ட் டிரெயினி' என்று எடுக்கின்றன. அதில் தேறியவர்கள் இரண்டு வருஷத்தில் மேலே போய்விடுவார்கள். அதற்கு ஹோட்டல் மேனேஜ்மென்ட் பட்டம் வேண்டும், அப்ரன்டிஸுக்கு அந்தக் கதவு மூடியது. ஆனால் வகுப்பில் அந்தச் சிலரில் இல்லாத மற்றவர்கள், கிச்சன் என்றால், கமி மூன்றாம் நிலையில்தான் தொடங்குவார்கள். அதாவது அப்ரன்டிஸ் முடித்தவன் நிற்கிற அதே இடம். பட்டதாரி வேலைக்கு வரும் நாளில், அவனோடு பிளஸ் டூ முடித்து அப்ரன்டிஸ் போனவன் கமி இரண்டாம் நிலையில் நின்று அவனுக்கு வேலை சொல்லிக்கொண்டிருப்பான். இந்தக் காட்சியைப் பையனுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

கமி மூன்று, இரண்டு, ஒன்று, டெமி செஃப், பிறகு செஃப் டி பார்ட்டி. ஒரு செக்‌ஷனைப் பொறுப்பெடுத்து நடத்துவது வரை கைதான் பேசும். பட்டம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஆறேழு வருஷத்தில் அப்ரன்டிஸ் வழி வந்தவன் பின்தங்குவதை நான் பார்த்ததில்லை, பெரும்பாலும் முன்னால்தான் இருப்பான்.

திருப்பம் சூ செஃப் பதவியில் வருகிறது. அங்கே மெனு காஸ்டிங், கொள்முதல், ஆள் ஒதுக்கீடு, உணவுப் பாதுகாப்புப் பதிவேடு, மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல். பத்து வருஷம் சிறப்பாகச் சமைத்தவர் இந்த மேஜையில் உட்கார மறுத்து செஃப் டி பார்ட்டியாகவே இருந்துவிடுவது எங்கள் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. திறமை இல்லாமல் அல்ல, அந்தக் காகிதத்தோடு யாரும் அவரைப் பழக்கவில்லை.

வெளிநாட்டுக்கு இன்னொரு கணக்கு. வளைகுடா ஹோட்டல்களும் கப்பல்களும் கமிக்கு ஆள் எடுக்கும்போது நட்சத்திர ஹோட்டல் அனுபவத்தைத்தான் முதலில் பார்க்கின்றன. அப்ரன்டிஸ் காலத்தையும் சேர்த்து எண்ண வேண்டுமானால், சேர்ந்த தேதி, முடிந்த தேதி, எந்தெந்த செக்‌ஷன் என்று எழுதிய சான்றிதழ் வேண்டும். மேல் பதவிக்கும், பட்டப்படிப்பைக் கேட்கிற விசா வகைகளுக்கும் பட்டம் கை கொடுக்கும். இந்த இரண்டு வழியில் எதில் போனாலும், வெளிநாட்டு வேலைக்குப் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கிச்சனுக்கு வெளியே உள்ள வேலைகளில் பட்டத்துக்குப் போட்டியே இல்லை. ஐ.ஆர்.சி.டி.சி. ஒப்பந்த அடிப்படையில் எடுக்கும் ஹாஸ்பிடாலிட்டி மானிட்டர், ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரி ஆசிரியர் வேலை, மருத்துவமனை கேட்டரிங் மேற்பார்வை, ஹோட்டல் விற்பனைப் பிரிவு எல்லாம் அந்தத் தாளைக் கேட்கின்றன.

ஒரே பார்வையில் வேண்டுமென்பவர்களுக்கு:

| அளவுகோல் | மூன்று வருஷப் பட்டம் (அரசு நிறுவனம்) | பதிவான அப்ரன்டிஸ் |
|---|---|---|
| மூன்று வருஷ முடிவில் பணம் | சுமார் 6 லட்சம் செலவு | சுமார் 2.4 லட்சம் கையில் |
| ஹோட்டல் கிச்சனில் நேரம் | நான்கைந்து வாரம் | ஒரு வருஷம் முழுக்க |
| முதல் வேலை | கமி மூன்று, சிலருக்கு மேனேஜ்மென்ட் டிரெயினி | கமி மூன்று, ஆனால் இரண்டு வருஷம் முன்னதாக |
| சூ செஃப் ஆவது | படிப்பு உதவும் | தானாகப் படித்துக்கொள்ள வேண்டும் |
| கிச்சன் பிடிக்காவிட்டால் | மற்ற மூன்று துறையும் திறந்திருக்கும் | மறுபடி முதலிலிருந்து |
| பெரிய ஆபத்து | கடனும் பெயரளவுக் கல்லூரியும் | பதிவில்லாத "டிரெயினி" வேலை, ஒரே செக்‌ஷன் |

## நடுவில் ஒரு வழி

இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். ஐ.எச்.எம்.களில் ஃபுட் புரொடக்‌ஷன் அண்ட் பாட்டிசரி என்று ஒன்றரை வருஷ கிராஃப்ட் படிப்பு இருக்கிறது. பத்தாவது முடித்தாலே சேரலாம். ஃபிரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் எதுவும் இல்லை, முழுக்கச் சமையலும் பேக்கரியும். கட்டணம் பட்டத்தைவிட மிகக் குறைவு. இதன் பகுதியாகவே ஹோட்டல் பயிற்சியும் வரும், அது முழுவதும் கிச்சனில்தான். ஐ.டி.ஐ.யிலும் ஃபுட் புரொடக்‌ஷன் என்ற ஒரு வருஷத் தொழிற்பிரிவு உண்டு.

இதை முடித்து அப்ரன்டிஸ் போனால், கத்தி பிடிக்கவும் ஸ்டாக் வடிக்கவும் தெரிந்த ஆளாகப் போவான். அப்படிப்பட்டவனை வெங்காய மூட்டைக்கு முன்னால் ஒரு வருஷம் உட்கார வைக்க செஃபுக்கே மனம் வராது. ஒரு எச்சரிக்கை: வேலை பார்த்துக்கொண்டே தபாலில் ஏதாவது ஒரு பி.ஏ. முடித்தால் அது பட்டம்தான், ஆனால் ஹோட்டல் மேனேஜ்மென்ட் பட்டம் கேட்கிற இடத்தில் செல்லாது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

## சேரும் முன் நேரில் போய்ப் பாருங்கள்

கல்லூரிக்குப் போனால் ரிசப்ஷனில் காட்டுகிற போட்டோக்களை விட்டுவிட்டு டிரெயினிங் கிச்சனைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அதுவும் வேலை நாளில். அடுப்பு பர்னரில் தூசி படிந்திருந்தால், சிம்னி ஃபில்டரில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் பளபளப்பாக இருந்தால், அங்கே சமையல் நடக்கவில்லை. ஒரு பிராக்டிகலுக்கு எத்தனை பேர், பொருள் யார் வாங்குகிறார்கள் என்று மாணவரிடமே கேளுங்கள். அப்புறம் டிகிரியில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் என்று முந்தைய வருஷ மாணவரின் சான்றிதழ் நகலையே பாருங்கள். நான் படித்த இடத்தில் சனி, ஞாயிறு எங்களைக் கல்யாண மண்டபங்களுக்கு சர்வீஸ் செய்ய அனுப்பிவிட்டு அதையும் பிராக்டிகல் வருகையாக எழுதிக்கொண்டார்கள். கைச்செலவுக்கு அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் தட்டு தூக்கிய நேரம் சமைத்த நேரம் ஆகாது.

ஹோட்டலுக்குப் போனால் முன்வாசல் வேண்டாம். மாலை மூன்றரை மணிக்கு ஸ்டாஃப் கேட் பக்கம் போய் நில்லுங்கள். காலை ஷிப்ட் முடித்துப் பிள்ளைகள் வெளியே வருவார்கள். யார் அப்ரன்டிஸ் என்று கேட்டு, மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த வாரம் எந்த செக்‌ஷன், போன மாதம் எந்த செக்‌ஷன், பணம் வங்கிக் கணக்கில் வருகிறதா. இரண்டு செக்‌ஷன் பெயரும் ஒன்றாக இருந்து, சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது என்றால், அங்கே சுழற்சி இல்லை. எச்.ஆரிடம் ஒப்பந்தப் பதிவு எண்ணும் சுழற்சி அட்டவணையும் கேளுங்கள். "சேர்ந்த பிறகு தருகிறோம்" என்பவர்கள் பெரும்பாலும் தருவதில்லை. அப்ரன்டிஸை ஓவர்டைம் வேலை வாங்கவும் முன் அனுமதி வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது. கல்யாண சீசனில் எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பதையும் அந்தப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

## யாருக்கு எது

இதுவரை ஒரு நாள் முழுக்கக் கிச்சனில் நின்றிராத பிள்ளைக்கு நான் பட்டத்தைத்தான் சொல்வேன். டிவியில் சமையல் பார்த்து வந்த ஆசை, நாற்பது டிகிரி வெப்பத்தில் பத்து மணி நேரம் நின்ற பிறகும் மிஞ்சுமா என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. மிஞ்சாவிட்டால் ஃபிரன்ட் ஆபீஸுக்கோ விற்பனைக்கோ போக வழி இருக்க வேண்டும். ஆங்கிலம் பரவாயில்லை, கடனில்லாமல் கட்ட முடியும், அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். சொந்தமாக ஹோட்டல் நடத்தும் எண்ணம் இருந்தாலும் நான்கு துறையும் தெரிவது நல்லது.

கடன் வாங்கித்தான் தனியாரில் சேர வேண்டும், பிள்ளைக்குக் கிச்சனைத் தவிர வேறு எதிலும் மனம் இல்லை என்றால், அப்ரன்டிஸோ கிராஃப்ட் படிப்போதான் சரி. ஒரு வருஷம் போனாலும் கையில் தொழில் இருக்கும், தலையில் கடன் இருக்காது. பெண் பிள்ளைகளுக்கும் இதேதான். ஒன்று மட்டும் கூடுதலாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: இரவு ஷிப்ட் முடிந்தால் ஹோட்டல் வண்டி வீட்டு வாசல் வரை வருமா, மெயின் ரோடு வரைதானா?

என் அக்கா மகன் கிராஃப்ட் படிப்பில் சேர்ந்தான். மெஸ்ஸில் பத்தாவதிலிருந்தே நின்றவனுக்குக் கிச்சன் ஒத்துக்கொள்ளுமா என்ற கேள்வியே இல்லை, மாமாவிடம் ஆறு லட்சமும் இல்லை. முதல் மாதம் முடிந்து ஊருக்கு வந்தபோது மெஸ்ஸுக்கு வாங்கிய விலாங்கு மீனை எடைபோட்டு, சுத்தம் செய்து, மறுபடி எடைபோட்டு, மாமாவின் கணக்கு நோட்டில் இரண்டு எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறான். மாமா அன்றைக்கே மீன் குழம்பு விலையைப் பத்து ரூபாய் ஏற்றினார்.